கரையாத வெள்ளியைக் கரைக்கும் ஹைப்போ

கறுப்பு வெள்ளை ஃபிலிமை டெவலப்பரிலிருந்து எடுத்த கையோடு இருட்டறையின் விளக்கைப் போட்டுவிட முடியாது. படம் வந்துவிட்டது உண்மைதான். ஒளி பட்ட இடங்களில் சில்வர் புரோமைடு கறுத்த வெள்ளித் துகளாக மாறியிருக்கும். ஆனால் ஒளி படாத இடங்களில் அதே சில்வர் புரோமைடு எந்த மாற்றமும் இல்லாமல், பால் போன்ற மங்கலாக ஃபிலிமிலேயே தங்கியிருக்கும். வெளிச்சத்தில் வைத்தால் அதுவும் மெல்லக் கறுத்து, எடுத்த படத்தையே விழுங்கிவிடும். எனவே வெள்ளியை விட்டுவிட்டு சில்வர் புரோமைடை மட்டும் வெளியேற்ற வேண்டும்.

தண்ணீரில் அலசினால் போகாதா? போகாது. ஏன் போகாது, ஸ்டூடியோக்காரர்கள் ‘ஹைப்போ’ என்று சொல்லும் சோடியம் தயோசல்பேட் கரைசலில் மட்டும் சில நிமிடங்களில் எப்படிப் போகிறது என்பதை இரண்டு எண்களைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம். பன்னிரண்டாம் வகுப்பு உப்புப் பகுப்பாய்வில் வெண்ணிற வீழ்படிவு அம்மோனியாவில் கரைவதற்கும், பழைய ஃபிக்ஸரைக் கொட்டலாமா வைத்திருக்கலாமா என்று சோதிப்பதற்கும் அதே கணக்குதான்.

தண்ணீரின் கணக்கு

எந்த உப்பும் முழுக்கக் கரையாதது அல்ல. சில்வர் புரோமைடும் மிக மிகச் சிறிதளவு கரைகிறது. திண்மத்தின் பரப்பிலிருந்து வெள்ளி அயனியும் புரோமைடு அயனியும் நீருக்குள் போகின்றன. நீரிலிருந்து அதே வேகத்தில் அவை திண்மத்துக்குத் திரும்பும்போது சமநிலை வருகிறது.

AgBr(s) ⇌ Ag⁺ + Br⁻

இந்தச் சமநிலையில் இரு அயனிகளின் செறிவுகளைப் பெருக்கினால் ஒரு மாறாத எண் கிடைக்கும். அதுவே கரைதிறன் பெருக்கம்.

Ksp = [Ag⁺][Br⁻] = 5.0 × 10⁻¹³ (25 °C)

தூய நீரில் இரு அயனிகளும் சம அளவில்தான் வருகின்றன. ஆகவே ஒவ்வொன்றின் செறிவும் இந்த எண்ணின் வர்க்கமூலம், அதாவது லிட்டருக்கு 7.1 × 10⁻⁷ மோல். சில்வர் புரோமைடின் மோலார் நிறை 187.8 கிராம் என்பதால், ஒரு லிட்டர் நீரில் கரைவது சுமார் 0.13 மில்லிகிராம். ஃபிலிமில் வெறும் 0.1 கிராம் சில்வர் புரோமைடு மிஞ்சியிருந்தாலும், அதைக் கரைக்க ஏறக்குறைய 750 லிட்டர் நீர் தேவைப்படும். வேகம் எவ்வளவு இருந்தாலும் இந்த அளவை மீற முடியாது.

இந்தச் சிக்கல் புகைப்படக் கலையின் தொடக்கத்திலேயே வந்தது. 1802-இல் தாமஸ் வெட்ஜ்வுட், ஹம்ப்ரி டேவி இருவரும் வெள்ளி உப்பு பூசிய காகிதத்திலும் தோலிலும் உருவங்களைப் பதித்ததாக எழுதினார்கள். ஆனால் மிஞ்சிய உப்பை நீக்க அவர்களுக்கு வழி தெரியவில்லை. அந்த உருவங்களை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் பார்க்க முடிந்தது. பகலில் காட்டினால் காகிதம் முழுவதும் கறுத்துவிடும். விடையோ 1819-இலேயே அச்சில் வந்துவிட்டது. ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அறிஞர் தயோசல்பேட் உப்புகளை ஆராய்ந்தபோது, நீரில் கரையாத சில்வர் குளோரைடு அந்தக் கரைசலில் எளிதாகக் கரைவதைக் கண்டு எழுதினார். அது படத்துக்கு உதவும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. 1839 ஜனவரி இறுதியில், பிரான்சில் டாகேரின் படங்கள் பற்றிய செய்தி கேட்டதும், ஹெர்ஷலே தன் பழைய கண்டுபிடிப்பை எடுத்துப் பயன்படுத்தினார். அதுவரை அடர்ந்த சமையல் உப்புக் கரைசலால் சமாளித்துவந்த டாகேரும் பிறகு ஹைப்போவுக்கு மாறினார்.

பிடித்துக்கொள்ளும் தயோசல்பேட்

ஹைப்போ சில்வர் புரோமைடை உடைப்பதில்லை. அதன் கரைதிறன் பெருக்கத்தையும் மாற்றுவதில்லை. மேலே சொன்ன 5.0 × 10⁻¹³ என்ற எண் ஹைப்போ கரைசலிலும் அதே எண்தான். மாறுவது வேறொன்று.

திண்மத்திலிருந்து வெளியே வரும் வெள்ளி அயனியை இரண்டு தயோசல்பேட் அயனிகள் சேர்ந்து பிடித்துக்கொள்கின்றன. தயோசல்பேட்டின் ஒரு முனையில் இருக்கும் கந்தக அணு தன் எலக்ட்ரான் இரட்டையை வெள்ளிக்குக் கொடுத்துப் பிணைகிறது. வெள்ளிக்குக் கந்தகத்தின் மீது ஈர்ப்பு அதிகம். வெள்ளிப் பாத்திரம் காற்றிலிருக்கும் கந்தகச் சேர்மங்களால் கறுப்பதும் அதனால்தான். இப்படி ஒரு உலோக அயனியும், அதற்கு எலக்ட்ரான் கொடுக்கும் ஈனிகளும் சேர்ந்து உருவாகும் துகளுக்கு அணைவு அயனி என்று பெயர்.

Ag⁺ + 2 S₂O₃²⁻ ⇌ [Ag(S₂O₃)₂]³⁻

இதற்கும் ஒரு சமநிலை மாறிலி உண்டு. அதை உருவாதல் மாறிலி என்கிறோம்.

Kf = [Ag(S₂O₃)₂³⁻] / [Ag⁺][S₂O₃²⁻]² = 2.9 × 10¹³

எண் இவ்வளவு பெரிதாக இருப்பதன் பொருள், தயோசல்பேட் போதிய அளவு இருக்கும்போது தனித்து உலவும் வெள்ளி அயனி கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடும் என்பது. ஆனால் Ksp என்ற பெருக்கற்பலன் மாறக்கூடாது. ஒரு பக்கம் வெள்ளி அயனி குறைந்தால், பெருக்கற்பலனை ஈடுகட்ட மேலும் கொஞ்சம் திண்மம் கரைய வேண்டும். அப்படி வரும் வெள்ளியையும் தயோசல்பேட் பிடித்துக்கொள்கிறது. இதற்கிடையில் புரோமைடு அயனி மட்டும் பிடிப்பார் யாருமின்றி கரைசலில் சேர்ந்துகொண்டே போகிறது. அது போதிய அளவு பெருகி, மிகச் சிறிய வெள்ளிச் செறிவோடு பெருக்கும்போது மீண்டும் 5.0 × 10⁻¹³ வரும்வரை கரைதல் நடக்கும்.

எவ்வளவு கரையும்?

இரண்டு சமன்பாடுகளையும் கூட்டினால் இடைப்பட்ட வெள்ளி அயனி இரு பக்கமும் வெட்டுப்பட்டுப் போகும்.

AgBr(s) + 2 S₂O₃²⁻ ⇌ [Ag(S₂O₃)₂]³⁻ + Br⁻

வினைகளைக் கூட்டும்போது மாறிலிகளைப் பெருக்க வேண்டும்.

K = Ksp × Kf = (5.0 × 10⁻¹³) × (2.9 × 10¹³) = 14.5

ஒன்று மிகச் சிறியது, மற்றது மிகப் பெரியது. பெருக்கினால் கையில் எண்ணக்கூடிய ஒரு எண் மிஞ்சுகிறது. தண்ணீர் தோற்ற இடத்தில் ஹைப்போ வென்றதற்குக் காரணம் இந்த 14.5.

இப்போது ஃபிக்ஸர் கரைசலுக்கு வருவோம். பரவலாகப் பயன்பட்ட ஒரு செய்முறையில் லிட்டருக்கு 240 கிராம் ஹைப்போ படிகம் போடுவார்கள். படிகத்தின் மோலார் நிறை 248 கிராம் என்பதால் இது ஏறத்தாழ 1 மோலார் கரைசல். அதில் லிட்டருக்கு x மோல் சில்வர் புரோமைடு கரைந்தால், அணைவு அயனி x, புரோமைடு x, மிஞ்சும் தயோசல்பேட் 1 − 2x.

x² / (1 − 2x)² = 14.5

இரு பக்கமும் வர்க்கமூலம் எடுத்தால் x / (1 − 2x) = 3.81. இதிலிருந்து x = 3.81 / 8.62 = 0.44 மோல். கிராமில் சொன்னால் லிட்டருக்கு சுமார் 83 கிராம். தண்ணீரில் 0.13 மில்லிகிராம் கரைந்த உப்பு இங்கே ஆறு லட்சம் மடங்குக்கு மேல் கரைகிறது. 750 லிட்டர் நீர் தேவைப்பட்ட அதே 0.1 கிராமுக்கு இப்போது 1.2 மில்லிலிட்டர் ஃபிக்ஸர் போதும்.

மாணவர்கள் வழுக்கும் இடம் பகுதியிலிருக்கும் 2x. தயோசல்பேட் செறிவு 1 மோலாகவே இருப்பதாக எடுத்துக்கொண்டு x² = 14.5 என்று போட்டால், லிட்டருக்கு 3.8 மோல் கரைவதாக விடை வரும். ஒரு வெள்ளிக்கு இரண்டு தயோசல்பேட் தேவை. ஒரு மோல் தயோசல்பேட்டை வைத்துக்கொண்டு அரை மோலுக்கு மேல் வெள்ளியைப் பிடிக்கவே முடியாது. அந்த 0.5 என்ற எல்லையைத் தாண்டிய விடை வந்தால், கணக்கை அங்கேயே நிறுத்தித் திரும்பிப் பார்க்கலாம்.

விடையைச் சரிபார்க்கவும் எளிய வழி உண்டு. புரோமைடு 0.44 என்றால், தனித்த வெள்ளி அயனி 5.0 × 10⁻¹³ ÷ 0.44, அதாவது 1.1 × 10⁻¹² மோல். கரைசலில் லிட்டருக்கு 47 கிராமுக்கு மேல் வெள்ளி இருக்கிறது. ஆனால் அதில் தனியாகத் திரிவது ஒரு கிராமில் ஏறக்குறைய ஆயிரம் கோடியில் ஒரு பங்கு.

அம்மோனியாவும் மூன்று ஹாலைடுகளும்

உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்கு இது பழகிய காட்சி. உப்புக் கரைசலில் சில்வர் நைட்ரேட் ஊற்றியதும் குளோரைடு என்றால் தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு; அம்மோனியா ஊற்றினால் முழுக்கக் கரைந்துவிடும். புரோமைடு என்றால் வெளிர் மஞ்சள், ஓரளவே கரையும். அயோடைடு என்றால் மஞ்சள், கரையாது. தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் இந்த மூன்று வரிகளையும் எண்களிலிருந்தே வரவழைக்கலாம்.

அம்மோனியாவும் வெள்ளியை இரண்டிரண்டாகப் பிடித்து [Ag(NH₃)₂]⁺ என்ற அணைவைத் தருகிறது. ஆனால் அதன் Kf 1.7 × 10⁷ மட்டுமே, தயோசல்பேட்டின் பிடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சில்வர் குளோரைடின் Ksp 1.8 × 10⁻¹⁰. பெருக்கினால் 3.1 × 10⁻³. 1 மோலார் அம்மோனியாவில் மேலே செய்தபடியே கணக்கிட்டால் லிட்டருக்கு 0.050 மோல், ஏறக்குறைய 7 கிராம் கரையும். சோதனைக் குழாயில் இருப்பதோ சில பத்து மில்லிகிராம். எனவே அது காணாமல் போகிறது.

சில்வர் புரோமைடுக்கு K = 8.5 × 10⁻⁶. கரைவது 0.0029 மோல், லிட்டருக்கு அரை கிராம். குழாயில் சில மில்லிலிட்டர் அம்மோனியாதான் இருக்கும். அதில் ஒன்றிரண்டு மில்லிகிராம் கரைந்து மீதி அடியில் நிற்கும். ‘ஓரளவே கரையும்’ என்று எழுதுவது இதைத்தான். சில்வர் அயோடைடின் Ksp 8.5 × 10⁻¹⁷. அதற்கு K வெறும் 1.4 × 10⁻⁹. லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரைவது கண்ணுக்குத் தெரியாது. ஒரே அம்மோனியா, ஒரே Kf. மூன்று விடைகளையும் பிரித்தது Ksp.

கரைந்த சில்வர் குளோரைடின் மேல் நீர்த்த நைட்ரிக் அமிலம் ஊற்றினால் வெள்ளை வீழ்படிவு திரும்பி வரும். அமிலம் அம்மோனியாவை அம்மோனியம் அயனியாக மாற்றிவிடுகிறது. அதனிடம் வெள்ளிக்குக் கொடுக்க எலக்ட்ரான் இரட்டை இல்லை. பிடி விட்டதும் வெள்ளி குளோரைடிடமே திரும்புகிறது. சோதனை முடிந்த அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலை இப்படி அமிலமாக்கிவிட்டுத்தான் அப்புறப்படுத்த வேண்டும். மூடி வைத்துவிட்டுப் போனால் நாளடைவில் தொட்டாலே வெடிக்கும் வெள்ளி நைட்ரைடு அதில் உருவாகக்கூடும்.

ஃபிக்ஸர் களைத்துப்போனதை அறிவது

லிட்டருக்கு 83 கிராம் என்று கணக்கு சொன்னாலும், இருட்டறையில் அதில் சிறு பங்கைக்கூட எட்டவிடுவதில்லை. வெள்ளி சேரச் சேரத் தனித்த தயோசல்பேட் குறைகிறது. அப்போது ஒரு வெள்ளிக்கு ஒரே ஒரு தயோசல்பேட் கொண்ட அணைவு கூடுதலாக உருவாகும். அது எளிதில் அலசிப் போகாமல் ஃபிலிமிலும் காகிதத்திலும் தங்கிவிடும். உடனே எதுவும் தெரியாது. ஆண்டுகள் கழிந்தபின் அது சிதைந்து சில்வர் சல்பைடாகி, படத்தில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழும். பழைய ஆல்பங்களில் காணும் இத்தகைய கறைகளுக்கு, சரியாக ஃபிக்ஸ் செய்யாததும் சரியாக அலசாததும் முக்கியக் காரணங்கள்.

இதைத் தவிர்க்க எளிய வழி, ஃபிலிமின் முனைத் துண்டு ஒன்றை ஃபிக்ஸரில் போட்டு மங்கல் மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. புதிய கரைசலில் ஆனதைப்போல் இரு மடங்கு நேரம் ஆனால் அந்தக் கரைசலை மாற்றிவிடுவார்கள். இன்னொரு வழி பொட்டாசியம் அயோடைடு சோதனை. ஐந்து துளி ஃபிக்ஸர், ஐந்து துளி நீர், அதில் ஒரு துளி 19 சதவீத பொட்டாசியம் அயோடைடு. மஞ்சளாகத் திரிந்தால் ஃபிக்ஸர் தீர்ந்துவிட்டது.

அயோடைடு ஏன் உளவு சொல்கிறது என்று பார்க்கலாம். பதினொரு துளியில் ஒரு துளி என்பதால் கலவையில் அயோடைடு 0.10 மோலார். முதலில், லிட்டருக்கு 0.5 கிராம் வெள்ளி மட்டும் சேர்ந்த, ஏறக்குறைய புதிய ஃபிக்ஸர். துளிகள் கலந்தபின் அணைவு வெள்ளி 0.0021 மோல், தனித்த தயோசல்பேட் 0.45 மோல். Kf-ஐக் கொண்டு தனித்த வெள்ளி அயனியைக் கணக்கிட்டால் 3.6 × 10⁻¹⁶. அயோடைடோடு பெருக்கினால் 3.7 × 10⁻¹⁷. இது சில்வர் அயோடைடின் Ksp ஆன 8.5 × 10⁻¹⁷-ஐவிடக் குறைவு. வீழ்படிவு வராது.

இரண்டாவது, பல ஃபிலிம்களைக் கழுவி லிட்டருக்கு 6 கிராம் வெள்ளி சேர்ந்த ஃபிக்ஸர். அணைவு வெள்ளி 0.025 மோல், தயோசல்பேட் 0.40 மோல். தனித்த வெள்ளி 5.3 × 10⁻¹⁵. அயோடைடோடு பெருக்கினால் 5.6 × 10⁻¹⁶, Ksp-ஐவிட ஆறு மடங்குக்கு மேல். மஞ்சள் வீழ்படிவு வந்தே தீரும். இரண்டுக்கும் நடுவே, லிட்டருக்கு ஒரு கிராமைத் தாண்டும் இடத்தில் கணக்கின்படி எல்லை விழுகிறது.

இந்த எண்களைக் கடைசி இலக்கம் வரை நம்ப வேண்டியதில்லை. சில்வர் புரோமைடின் Ksp ஒரு நூலில் 5.0 என்றும் மற்றொன்றில் 5.4 என்றும் இருக்கும். மேலும் இந்த மாறிலிகள் மிக நீர்த்த கரைசலுக்கானவை. 1 மோலார் ஹைப்போ போன்ற அடர்ந்த கரைசலில் அயனிகள் ஒன்றையொன்று பாதிப்பதால் உண்மையான அளவு விலகும். எவ்வளவு கரையும் என்பதற்கு இந்தக் கணக்கு நல்ல மதிப்பீடு. எவ்வளவு நேரத்தில் கரையும் என்பதை அது சொல்லாது.

கொட்டும் முன்

தீர்ந்துபோன ஃபிக்ஸரில் இருக்கும் வெள்ளிக்கு விலை உண்டு. அதனால்தான் எக்ஸ்ரே ஃபிலிம் கழுவிய கரைசலையும் வாங்கிப்போக ஆள் இருந்தது. ஆனால் அதிலிருந்து வெள்ளியை எடுக்கச் சமையல் உப்பைப் போட்டால் பலிக்காது. லிட்டருக்கு 6 கிராம் வெள்ளி உள்ள அந்த ஃபிக்ஸரில், நீர் கலக்கும் முன், தனித்த வெள்ளி அயனி சுமார் 2.4 × 10⁻¹⁵ மோல்தான். 5 மோலார் உப்புக் கரைசலின் குளோரைடோடு பெருக்கினாலும் 10⁻¹⁴ அளவில் நிற்கும். சில்வர் குளோரைடின் Ksp அதைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் பெரியது. தயோசல்பேட்டின் பிடியை வெல்ல அதைவிடக் கரையாத உப்பு தேவை. சில்வர் சல்பைடின் Ksp 10⁻⁵⁰ அளவில் இருப்பதால், மிகச் சிறிதளவு சல்பைடு அயனி வந்தாலே வெள்ளி கறுப்பு வீழ்படிவாக இறங்கிவிடும். கரைசல் அமிலமாக இருந்தால் நச்சுத்தன்மையுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும் என்பதால், சோடியம் சல்பைடு சேர்க்கும் முன் அதைக் காரமாக்கிவிட வேண்டும். ஃபிக்ஸர்கள் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டவை என்பதால் இந்தப் படியைத் தாண்டக்கூடாது. சல்பைடு வேண்டாம் என்பவர்கள் மின்பகுப்பு வழியாகவோ, இரும்புக் கம்பளியில் கரைசலை ஓடவிட்டோ வெள்ளியை உலோகமாகவே எடுத்துவிடுகிறார்கள்.